மனவெழுச்சிக் கோட்பாடுகள் நான்கு: தேர்வில் எதைக் குறிப்பது?

உளவியல் பாடத்தில் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்ள வைக்கும் கோட்பாடுகள் நிறைய இருந்தாலும், மனவெழுச்சி பற்றிய நான்கும் அதில் தனி ரகம். ஜேம்ஸ்-லாங்கே, கேனன்-பார்ட், ஷாக்டர்-சிங்கர், லாசரஸ் ஆகியவை அந்த நான்கு. எல்லாவற்றிலும் வருவது ஒரு நிகழ்வு, உடலில் ஒரு கிளர்ச்சி, மனதில் ஓர் உணர்வு. கடைசி இரண்டில் மட்டும் சிந்தனையும் சேர்ந்துகொள்கிறது. உறுப்புகள் இவ்வளவு குறைவு என்பதால்தான் வினா எழுதுபவர்களுக்கு இந்தப் பகுதி பிடிக்கிறது. ஒரே சம்பவத்தை எடுத்து ஒரு சொல்லை மட்டும் மாற்றினால் போதும், சரியான விடை மாறிவிடும்.

இதற்கு அட்டவணை போட்டுப் படிப்பது வழக்கம். எந்த அட்டவணையைப் போடுவது என்பதில்தான் வேறுபாடு தொடங்குகிறது. மாணவர்களின் நோட்டுகளில் நான் பார்க்கும் அட்டவணைகள் மூன்று விதம். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தேர்வு அறையில் எது கைகொடுக்கும் என்று தெரியும்.

முதல் விதம், பெயரும் ஆண்டும் கருத்தும்:

| கோட்பாடு | முன்வைத்தவர், ஆண்டு | மையக் கருத்து |
|---|---|---|
| ஜேம்ஸ்-லாங்கே | வில்லியம் ஜேம்ஸ் 1884, கார்ல் லாங்கே 1885 | உடல் மாற்றத்தை உணர்வதே மனவெழுச்சி |
| கேனன்-பார்ட் | வால்ட்டர் கேனன் 1927, பிலிப் பார்ட் 1928 | உடல் மாற்றமும் உணர்வும் ஒரே நேரத்தில் எழுகின்றன |
| ஷாக்டர்-சிங்கர் | ஸ்டான்லி ஷாக்டர், ஜெரோம் சிங்கர் 1962 | உடல் கிளர்ச்சியும் அதற்கு நாம் சூட்டும் பெயரும் சேர்ந்ததே மனவெழுச்சி |
| லாசரஸ் | ரிச்சர்ட் லாசரஸ், 1960கள் முதல் | நிகழ்வை எப்படி மதிப்பிடுகிறோமோ அதற்கேற்ப மனவெழுச்சி |

இதில் தவறு ஒன்றும் இல்லை. ‘பின்வருவோரில் யார் முன்வைத்தார்?’ என்று நேரடியாகக் கேட்டால் இதுவே போதும். ஆனால் ஒரு சம்பவத்தைச் சொல்லி ‘இது எந்தக் கோட்பாடு?’ என்று கேட்டால் இந்த அட்டவணை கைவிட்டுவிடும். ஜேம்ஸ், ஷாக்டர் இரண்டு வரியிலும் உடல் இருக்கிறது. ஷாக்டர், லாசரஸ் இரண்டு வரியிலும் மனம் ஏதோ ஒன்றை எடைபோடுகிறது. வினாவில் தடுமாறவைக்கும் ஆப்ஷன்கள் இந்த ஜோடிகளிலிருந்துதான் வரும்.

இரண்டாவது விதம், அம்புக்குறி அட்டவணை. எது முன், எது பின் என்று வரிசையைக் காட்டுவது:

| கோட்பாடு | வரிசை |
|---|---|
| ஜேம்ஸ்-லாங்கே | நிகழ்வு → உடல் கிளர்ச்சி → உணர்வு |
| கேனன்-பார்ட் | நிகழ்வு → உடல் கிளர்ச்சியும் உணர்வும் ஒன்றாக |
| ஷாக்டர்-சிங்கர் | நிகழ்வு → உடல் கிளர்ச்சி → அதற்குக் காரணம் தேடிப் பெயரிடல் → உணர்வு |
| லாசரஸ் | நிகழ்வு → நிகழ்வை மதிப்பிடல் → உணர்வும் உடல் கிளர்ச்சியும் |

முதலாவதைவிட இது எவ்வளவோ மேல். சம்பவ வினாக்களில் பெரும்பாலானவற்றை இதைக் கொண்டே தீர்த்துவிடலாம். ஆனாலும் ஓர் ஆய்வின் முடிவைக் கொடுத்து ‘இது எந்தக் கோட்பாட்டுக்கு எதிரான சான்று?’ என்று கேட்கும்போது அம்புகள் பேசுவதில்லை. அங்கே வரிசை தெரிந்தால் போதாது. ஒன்று இல்லாமல் மற்றொன்று நிகழுமா என்பதும் தெரிய வேண்டும்.

அதற்குத்தான் மூன்றாவது விதம். இரண்டு கேள்விகளைத் தலைப்பாக வைத்து எழுதுவது. உடல் கிளர்ச்சியை எடுத்துவிட்டால் உணர்வு எழுமா? மனம் சிந்திக்கிறது என்றால் எதைப் பற்றிச் சிந்திக்கிறது?

| கோட்பாடு | உடல் கிளர்ச்சி இல்லாவிட்டால் | சிந்தனை எதைப் பற்றி | வினாவில் வரும் சொற்கள் |
|---|---|---|---|
| ஜேம்ஸ்-லாங்கே | உணர்வு எழாது | தனியே தேவையில்லை | ‘நடுங்கியதால் பயந்தார்’, ‘உடல் மாற்றத்தை உணர்ந்ததன் விளைவாக’ |
| கேனன்-பார்ட் | உணர்வு எழும் | தனியே தேவையில்லை | ‘ஒரே நேரத்தில்’, ‘ஒன்றையொன்று சாராமல்’, ‘தாலமஸ்’ |
| ஷாக்டர்-சிங்கர் | முழுமையான உணர்வு எழாது | தன் உடல் கிளர்ச்சியைப் பற்றி | ‘படபடப்புக்குக் காரணம் தேடினார்’, ‘பெயரிடல்’, ‘சூழல் குறிப்புகள்’ |
| லாசரஸ் | தொடக்கப் புள்ளி உடல் அல்ல, மதிப்பீடு | வெளி நிகழ்வைப் பற்றி | ‘அச்சுறுத்தலாகக் கருதினார்’, ‘தன்னால் சமாளிக்க முடியுமா என்று’, ‘மதிப்பீடு’ |

ஒரே ஒரு அட்டவணைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் மூன்றாவதைப் போடுங்கள் என்றே சொல்வேன். பெயரையும் ஆண்டையும் அதன் ஓரத்தில் சேர்த்துக்கொள்ளலாம், வரிசையை அதிலிருந்தே வருவித்துக்கொள்ளலாம். ஆனால் கட்டங்களை அப்படியே மனப்பாடம் செய்தால் பயன் இல்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் ஒரு வாதமோ ஒரு சோதனையோ இருக்கிறது. அது தெரிந்திருந்தால்தான் வினா எப்படித் திரும்பினாலும் கட்டம் நினைவில் நிற்கும்.

ஜேம்ஸிலிருந்து தொடங்கலாம். வழக்கமாக நாம் நினைப்பது, கரடியைப் பார்க்கிறோம், பயப்படுகிறோம், அதனால் ஓடுகிறோம் என்று. ஜேம்ஸ் 1884-இல் எழுதிய கட்டுரையில் இதைத் தலைகீழாக்கினார். அழுவதால் வருந்துகிறோம், நடுங்குவதால் பயப்படுகிறோம் என்றார். உடலில் நிகழும் மாற்றங்களை அவை நிகழும்போதே உணர்கிறோமே, அந்த உணர்தல்தான் மனவெழுச்சி என்பது அவர் வாதம். டென்மார்க் மருத்துவரான லாங்கே, ஜேம்ஸைச் சாராமல், அடுத்த ஆண்டே கிட்டத்தட்ட இதே முடிவுக்கு வந்தார். அவர் ரத்தக் குழாய்களின் மாற்றங்களுக்கு அதிக இடம் கொடுத்தார். இருவர் பெயரும் சேர்ந்து வருவது இதனால்தான். சேர்ந்து ஆய்வு செய்தவர்கள் அல்லர்.

இங்கே ஒரு பொறியைக் கவனிக்க வேண்டும். ‘பயந்ததால் அவருடைய இதயம் வேகமாகத் துடித்தது’ என்று வினாவில் இருந்தால் அது ஜேம்ஸ்-லாங்கே இல்லை. அது நம் எல்லோருக்கும் உள்ள பொதுப்புத்திப் பார்வை. ஜேம்ஸ் மறுத்தது அதைத்தான். வேகமாகப் படிக்கும்போது கண்ணில் ‘இதயம்’, ‘பயம்’ என்ற இரண்டு சொற்களும் பட்டுவிடும், எந்தச் சொல்லில் ‘ஆல்’ ஒட்டியிருக்கிறது என்பது தப்பிவிடும். தமிழில் அந்த உருபு எங்கே நிற்கிறதோ அங்கேதான் விடை இருக்கிறது. ‘துடித்ததால் பயந்தார்’ என்றால் ஜேம்ஸ்.

ஜேம்ஸ் சொன்னதிலிருந்து இன்னொன்றும் தானாகப் பின்தொடர்கிறது. உடல் மாற்றத்தை உணர்வதே மனவெழுச்சி என்றால், பயத்துக்கும் கோபத்துக்கும் உடல் மாற்றங்கள் வெவ்வேறாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டையும் எப்படிப் பிரித்து உணர்வோம்? ஆகவே ‘ஒவ்வொரு மனவெழுச்சிக்கும் தனித்தனி உடல் அடையாளம் உண்டு’ என்ற வரி வந்தால் அது ஜேம்ஸ்-லாங்கேக்கு ஆதரவு. 1983-இல் லெவன்சன், எக்மன், ஃப்ரீசன் மூவரும் வெளியிட்ட ஆய்வில், பயத்தைவிடக் கோபத்தில் விரல் வெப்பநிலை கூடுதலாக இருந்தது. இப்படிப்பட்ட முடிவைக் கொடுத்து எந்தக் கோட்பாட்டுக்கு வலு சேர்க்கிறது என்று கேட்டால் தயங்க வேண்டாம்.

கேனன் அடித்தது சரியாக அந்த இடத்தில்தான். 1927-இல் அவர் வைத்த ஆட்சேபங்கள் ஐந்து. உள்ளுறுப்புகளுக்கும் மூளைக்கும் உள்ள நரம்புத் தொடர்பைத் துண்டித்த பிறகும் விலங்குகள் மனவெழுச்சி நடத்தைகளைக் காட்டின. பயம், கோபம் போன்ற மாறுபட்ட நிலைகளிலும், காய்ச்சல் போன்ற மனவெழுச்சியே இல்லாத நிலைகளிலும் உள்ளுறுப்புகளில் ஒரே மாதிரி மாற்றங்கள்தான் நிகழ்கின்றன. உள்ளுறுப்புகள் அவ்வளவு நுட்பமாக உணரும் உறுப்புகள் அல்ல. அவற்றின் மாற்றம் மெதுவாகத்தான் நிகழ்கிறது, உணர்வோ உடனே வந்துவிடுகிறது. கடைசியாக, அந்த மாற்றங்களைச் செயற்கையாக உண்டாக்கினாலும் உண்மையான மனவெழுச்சி வருவதில்லை. இந்தக் கடைசி வாதத்துக்கு அவர் மரன்யோன் என்ற ஸ்பானிய மருத்துவரின் சோதனையைக் காட்டினார். அட்ரீனலின் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பலர் ‘பயந்துபோனது போல இருக்கிறது’ என்றுதான் சொன்னார்கள், பயம் என்று சொல்லவில்லை.

தேர்வில் இந்த ஐந்தும் ஐந்து வினாக்களாக வரும். ஒவ்வொன்றையும் ‘ஜேம்ஸுக்கு எதிர்’ என்று குறித்துக்கொள்வது, ‘கேனனுக்கு ஆதரவு’ என்று குறித்துக்கொள்வதைவிடப் பாதுகாப்பானது. காரணம், இவற்றில் சில ஷாக்டருக்கும் உதவுகின்றன. வெவ்வேறு உணர்வுகளில் ஒரே கிளர்ச்சி என்பதை ஷாக்டரும் அப்படியே ஏற்றுக்கொள்கிறார். அதன் மேல்தான் தன் கோட்பாட்டையே கட்டுகிறார்.

கேனன் சொன்ன மாற்று என்னவென்றால், புலன்களிலிருந்து வரும் செய்தியைத் தாலமஸ் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் அனுப்புகிறது. மேலே பெருமூளைப் புறணிக்குப் போவது உணர்வாகிறது, கீழே உடலுக்குப் போவது கிளர்ச்சியாகிறது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் இல்லை. அவருடைய மாணவரான பார்ட், பூனைகளில் பெருமூளைப் புறணியை நீக்கிய பிறகும் சீற்றம் வெளிப்படுவதைக் காட்டி, அந்த நடத்தைக்கு ஹைப்போதாலமஸ் முக்கியம் என்று நிறுவினார். பாடநூல்கள் பெரும்பாலும் தாலமஸோடு நிறுத்திக்கொள்வதால் தேர்விலும் அந்தச் சொல்லையே எதிர்பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ‘போராடு அல்லது ஓடு’ என்ற உடல் எதிர்வினையை விவரித்தவரும் இதே கேனன்தான். அதனால் வினாவில் அந்தத் தொடர் வந்ததுமே சிலர் கேனன்-பார்டைக் குறித்துவிடுகிறார்கள். அந்த எதிர்வினை நான்கு கோட்பாட்டிலும் நிகழலாம். உணர்வுக்கும் அதற்கும் என்ன உறவு என்று வினா சொல்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இனி ஷாக்டரும் சிங்கரும். இவர்களுடைய 1962 சோதனை தெளிவாகத் தெரிந்தால் பாதி வினாக்கள் தீர்ந்துவிடும். பங்கேற்றவர்களிடம் ‘சுப்ராக்சின்’ என்ற வைட்டமின் பார்வையை எப்படிப் பாதிக்கிறது என்று பார்க்கப் போவதாகச் சொன்னார்கள். உண்மையில் பெரும்பாலோருக்குப் போட்டது அட்ரீனலின் ஊசி, சிலருக்கு வெறும் உப்புநீர். அட்ரீனலின் பெற்றவர்களில் ஒரு குழுவிடம் கை நடுங்கும், இதயம் படபடக்கும் என்று உண்மையைச் சொன்னார்கள். ஒரு குழுவிடம் எதுவும் சொல்லவில்லை. ஒரு குழுவிடம் பாதம் மரத்துப்போகும், அரிக்கும் என்று பொய்யான விளைவுகளைச் சொன்னார்கள். பிறகு ஒவ்வொருவரையும், ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஒரு நடிகரோடு அறையில் உட்கார வைத்தார்கள். சிலருடைய அறையில் அந்த நடிகர் காகித அம்பு விட்டுக் குதூகலித்தார். சிலருடைய அறையில், கொடுத்த வினாத்தாளின் எரிச்சலூட்டும் கேள்விகளைக் கண்டு கோபத்தில் கொதித்தார்.

எதிர்பார்ப்பு இதுதான்: தன் படபடப்புக்குக் காரணம் ஊசி என்று தெரிந்தவருக்கு வேறு காரணம் தேவையில்லை, அதனால் பக்கத்தில் இருப்பவரின் மனநிலை அவரை அவ்வளவாகத் தொற்றாது. காரணம் தெரியாதவரோ சுற்றிலும் பார்ப்பார், அங்கே குதூகலம் இருந்தால் தன் படபடப்பைக் குதூகலம் என்றும், கோபம் இருந்தால் கோபம் என்றும் எடுத்துக்கொள்வார். ஆகவே மனவெழுச்சிக்கு இரண்டு காரணிகள் வேண்டும்: கிளர்ச்சி, அதற்கொரு பெயர். முடிவுகள் இந்தத் திசையில் இருந்தன, ஆனால் பல பாடநூல்கள் சொல்லும் அளவுக்குத் தெளிவாக இல்லை. எதுவும் சொல்லப்படாத குழுவுக்கும் உப்புநீர் பெற்ற குழுவுக்கும் இடையே எதிர்பார்த்த பெரிய இடைவெளி கிடைக்கவில்லை. 1979-இல் மார்ஷலும் ஸிம்பார்டோவும் ஒரு பக்கம், மாஸ்லாக் இன்னொரு பக்கம் இதுபோன்ற சோதனைகளைச் செய்தபோது, காரணம் புரியாத கிளர்ச்சி குதூகலமாக மாறுவதைக் காட்டிலும் எதிர்மறை உணர்வின் பக்கமே சாய்ந்தது. ‘இக்கோட்பாட்டின் மீதான விமர்சனம்’ என்று கேட்டால் எழுத வேண்டியது இது. விமர்சனம் கேட்காத வினாவில் இதை நினைத்துக் குழம்ப வேண்டாம்.

1974-இல் டட்டனும் ஆரனும் கனடாவின் கப்பிலானோ தொங்குபாலத்தில் செய்த ஆய்வும் இந்தக் கட்டத்தில்தான் வரும். உயரத்தில் ஆடும் பாலத்தில் ஒரு பெண்ணைச் சந்தித்த ஆண்கள், உறுதியான தாழ்ந்த பாலத்தில் சந்தித்தவர்களைவிட அதிகமாகப் பிறகு அவரைத் தொலைபேசியில் அழைத்தார்கள். பாலம் தந்த படபடப்பை ஈர்ப்பு என்று தவறாகக் கணக்கில் எழுதிவிட்டார்கள் என்பது விளக்கம். உடற்பயிற்சி முடித்த உடனே ஒருவரைச் சந்திப்பது, பயமுறுத்தும் படம் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் ஒருவரைச் சந்திப்பது என்று இது வேடம் மாறி வரும். கிளர்ச்சி ஓரிடத்திலிருந்து வருகிறது, பெயர் வேறிடத்திலிருந்து வருகிறது என்றால் ஷாக்டர்-சிங்கர்.

லாசரஸை ஷாக்டரிடமிருந்து பிரிப்பதுதான் பலருக்கும் கடினம். ‘அறிதல் சார்ந்த கோட்பாடு’ என்ற ஒரே தலைப்பின் கீழ் இருவரையும் படித்திருப்பார்கள். பிரிப்பதற்கு நான் வைத்துக்கொள்ளும் வழி லாசரஸ் குழுவினர் 1964-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. பார்க்கவே வேதனையான ஒரு சடங்குப் படத்தைப் பலருக்குக் காட்டினார்கள். படம் ஒன்றுதான். பின்னணி விவரிப்பை மட்டும் மாற்றினார்கள். ஒன்றில் வேதனையையும் ஆபத்தையும் அழுத்திச் சொன்னார்கள். இன்னொன்றில் இது பெரிய வேதனை அல்ல என்று மறுத்தார்கள். மற்றொன்றில் மானிடவியல் அறிஞர் விவரிப்பது போலத் தள்ளி நின்று சொன்னார்கள். வேதனையை அழுத்திய விவரிப்பில், உடல் கிளர்ச்சியைக் காட்டும் அளவான தோல் மின்கடத்தல் பார்வையாளர்களிடம் அதிகமாகவும், மறுத்ததிலும் தள்ளி நின்றதிலும் குறைவாகவும் பதிவாயிற்று.

இங்கே மாறியது எது என்று பாருங்கள். உடல் கிளர்ச்சியே மாறியிருக்கிறது. ஷாக்டரின் சோதனையில் கிளர்ச்சி ஒன்று, அதற்குக் கிடைக்கும் பெயர்கள் பல. லாசரஸின் சோதனையில் நிகழ்வு ஒன்று, அதை எடுத்துக்கொள்ளும் விதத்தைப் பொறுத்துக் கிளர்ச்சியே பல. வினாவில் உள்ள நபர் தன் உடலைப் பார்த்து ‘இது ஏன்?’ என்று கேட்டால் ஷாக்டர். நிகழ்வைப் பார்த்து ‘இது எனக்கு என்ன?’ என்று கேட்டால் லாசரஸ்.

அந்த ‘எனக்கு என்ன?’ என்பது லாசரஸிடம் முதன்மை மதிப்பீடு. ‘இதை நான் எப்படிச் சமாளிப்பேன்?’ என்பது இரண்டாம் மதிப்பீடு. இரண்டாவது என்றால் முக்கியம் குறைந்தது என்று பொருள் இல்லை. வேலை நேர்காணலை ஒருவர் ‘இதில் தோற்றால் எல்லாம் போச்சு’ என்று நினைப்பது முதன்மை, ‘இரண்டு வாரம் தயார் செய்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளலாம்’ என்று நினைப்பது இரண்டாம் மதிப்பீடு.

லாசரஸோடு ராபர்ட் ஸாயான்ஸ் நடத்திய விவாதமும் கேட்கப்படும். உணர்வுக்குச் சிந்தனை முன்தேவை இல்லை, பிடித்திருக்கிறது என்பது சிந்தனைக்கு முன்பே வந்துவிடலாம் என்று ஸாயான்ஸ் 1980-இல் வாதிட்டார். லாசரஸ் 1980களின் தொடக்கத்தில் அதை மறுத்து எழுதினார். ‘எதையும் யோசிப்பதற்கு முன்பே’ என்ற சொற்களோடு லாசரஸ் ஒரு ஆப்ஷனாக இருந்தால் அவரை நீக்கிவிடலாம்.

இப்போது ஒரே சம்பவத்தை நான்காகத் திருப்பிப் பார்க்கலாம். லிஃப்ட் திடீரென்று குலுங்கி நடுவில் நின்றுவிடுகிறது. உள்ளே ஒருவர்.

‘கை நடுங்குவதையும் இதயம் அடித்துக்கொள்வதையும் உணர்ந்தார், அதனால் பயந்தார்.’ ஜேம்ஸ்-லாங்கே.

‘லிஃப்ட் குலுங்கிய அதே கணத்தில் இதயமும் படபடத்தது, பயமும் வந்தது.’ கேனன்-பார்ட்.

‘இதயம் படபடப்பதைக் கவனித்தார். லிஃப்ட் நின்றிருப்பதைப் பார்த்து, இது பயம்தான் என்று எடுத்துக்கொண்டார்.’ ஷாக்டர்-சிங்கர்.

‘கயிறு அறுந்திருக்கும், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்தார். பயம் வந்தது, இதயம் படபடத்தது.’ லாசரஸ்.

முதலாவதையும் மூன்றாவதையும் மறுபடி படியுங்கள். இரண்டிலும் படபடப்புதான் முதலில். மூன்றாவதில் நடுவே ஒரு சிறு வேலை நடக்கிறது: சுற்றிப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது. அந்த வேலை வினாவில் இருந்தால் ஷாக்டர், இல்லாவிட்டால் ஜேம்ஸ்.

இனி கொஞ்சம் கடினமான வினா. ‘ஒருவர் மூக்கடைப்புக்கு ஒரு மாத்திரை சாப்பிட்டார். அது இதயத் துடிப்பைக் கூட்டும் என்று அவருக்குத் தெரியாது. சிறிது நேரத்தில் நடந்த கூட்டத்தில் சக ஊழியர் ஒருவர் குரலை உயர்த்தினார். தனக்குக் கடும் கோபம் வந்துவிட்டது என்று அவர் உணர்ந்தார். இதைச் சிறப்பாக விளக்குவது எது?’ ஆப்ஷன்களில் நான்கும் இருக்கின்றன.

கேனன்-பார்ட் முதலில் விழுந்துவிடும். கிளர்ச்சி மாத்திரையால் முன்பே வந்துவிட்டது, உணர்வு பின்னால் வருகிறது, ஒரே நேரம் என்பதற்கு இங்கே இடமில்லை. ஜேம்ஸ்-லாங்கே கொஞ்சம் இழுக்கும், ஏனென்றால் உடல் முதலில் வருகிறது. ஆனால் மாத்திரை தரும் படபடப்புக்குக் கோபத்தின் தனி அடையாளம் எதுவும் கிடையாது. உடலை உணர்வது மட்டும் போதும் என்றால் அவர் கூட்டத்துக்கு முன்பே ஏதோ ஒன்றை உணர்ந்திருக்க வேண்டும், அது ஏன் சக ஊழியர் குரல் உயர்த்தியபோது கோபமாக உருவெடுத்தது என்பதையும் ஜேம்ஸால் சொல்ல முடியாது. லாசரஸ்தான் வலுவான போட்டி. குரல் உயர்த்தியதை அவமதிப்பு என்று மதிப்பிட்டிருக்கலாமே? இருக்கலாம், ஆனால் அந்த விளக்கத்துக்கு மாத்திரையே தேவையில்லை. வினாவில் ‘தெரியாது’ என்ற சொல்லை எதற்காக வைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டால் விடை தெரியும். காரணம் தெரியாத கிளர்ச்சி, பக்கத்தில் ஒரு சூழல் குறிப்பு. ஷாக்டர்-சிங்கர்.

இதே வினாவைத் திருத்திப் பாருங்கள். ‘மருந்துக் கடைக்காரர் படபடப்பு வரும் என்று சொல்லியிருந்தார்’ என்று சேர்த்து, கோபம் கூடுமா குறையுமா என்று கேட்டால், ஷாக்டரின்படி குறையும். உண்மை சொல்லப்பட்ட குழு நினைவிருக்கிறது அல்லவா? மாத்திரையை எடுத்துவிட்டு ‘எல்லோர் முன்னாலும் தன்னை அவமானப்படுத்துகிறார் என்று எடுத்துக்கொண்டார், ரத்தம் கொதித்தது’ என்றால் லாசரஸ். மாத்திரையை மட்டும் வைத்துக்கொண்டு ‘கோபம் வந்தது போல இருந்தது, ஆனால் கோபம் இல்லை என்றார்’ என்று முடித்தால் அது மரன்யோனின் முடிவு, ஜேம்ஸுக்கு எதிரான சான்று.

தண்டுவடக் காயம் பற்றிய வினாவிலும் மூன்றாவது அட்டவணையின் இரண்டாவது பத்தி உதவும். உடலிலிருந்து மூளைக்குச் செய்தி குறைந்துவிட்ட ஒருவருக்கு மனவெழுச்சியின் தீவிரம் குறைந்தது என்றால் ஜேம்ஸுக்குச் சாதகம், குறையவில்லை என்றால் கேனனுக்குச் சாதகம். ஹோமன் 1966-இல் வெளியிட்ட ஆய்வில் பயம், கோபம் போன்றவற்றின் தீவிரம் குறைந்ததாகப் பலர் சொன்னார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆகவே ‘தண்டுவடம்’ என்ற சொல்லைக் கண்டதும் முடிவுக்கு வராமல், தீவிரத்துக்கு என்ன ஆயிற்று என்று வினா சொல்வதைப் படிக்க வேண்டும்.

முகபாவப் பின்னூட்டம் தனிக் கருதுகோள். சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டால் மகிழ்ச்சி கொஞ்சம் கூடும் என்பது அதன் சாரம். அந்தப் பெயர் ஆப்ஷனில் இருந்தால் அதையே குறியுங்கள், இல்லாவிட்டால் ஜேம்ஸ்-லாங்கே அதற்கு மிக நெருங்கிய உறவு. 1988-இல் பேனாவைப் பல்லில் கடிக்க வைத்து ஸ்ட்ராக் குழு செய்த சோதனை 2016-இல் பல ஆய்வகங்கள் சேர்ந்து திரும்பச் செய்தபோது அதே விளைவைத் தரவில்லை. விமர்சன வினாவுக்கு இது போதும்.

பெயரால் வரும் குழப்பம் ஒன்று மிச்சம் இருக்கிறது. ‘இரு காரணிக் கோட்பாடு’ என்று மட்டும் வினாவில் இருந்தால் ஷாக்டர்-சிங்கர் என்று பாய்ந்துவிடக் கூடாது. நுண்ணறிவில் ஸ்பியர்மன், கற்றலில் மவுரர், பணி ஊக்கத்தில் ஹெர்ஸ்பர்க் என்று இன்னும் மூவர் அதே பெயரில் இருக்கிறார்கள். பொதுக் காரணி என்றால் ஸ்பியர்மன். தவிர்ப்புக் கற்றல் என்றால் மவுரர். வேலைத் திருப்தி, அதிருப்தி என்றால் ஹெர்ஸ்பர்க். கிளர்ச்சியும் பெயரிடலும் இருந்தால் மட்டுமே ஷாக்டர்.

அட்டவணையால் தீர்க்க முடியாத வினாக்களும் உண்டு. ‘மனவெழுச்சியில் சிந்தனையின் பங்கை வலியுறுத்தியவர்’ என்று மட்டும் கேட்டு, ஷாக்டரையும் லாசரஸையும் ஆப்ஷனாக வைத்திருந்தால் இருவரும் பொருந்துவார்கள். அப்போது வினாவில் உடல் கிளர்ச்சி பற்றிய சொல் ஏதாவது இருக்கிறதா என்று மீண்டும் பாருங்கள். இருந்து, அது சிந்தனைக்கு முன்னால் வந்தால் ஷாக்டர். கிளர்ச்சியைப் பற்றிய பேச்சே இல்லை, ‘மதிப்பீடு’, ‘பொருள் கொள்ளல்’, ‘சமாளித்தல்’ போன்ற சொற்கள் மட்டும் இருந்தால் லாசரஸ். இரண்டும் இல்லாத வெறும் வரியாக இருந்தால், ‘சிந்தனை முன்தேவை’ என்று வெளிப்படையாக வாதாடியவர் லாசரஸ் என்பதால் அவரையே குறிப்பேன். விடைக்குறிப்பு வந்ததும் அந்த வினாவின் சொற்களை அப்படியே அட்டவணையின் கடைசிப் பத்தியில் உரிய வரியில் எழுதிவிடுங்கள். அந்தப் பத்திக்கு நான் இங்கே கொடுத்திருப்பவை தொடக்கம்தான், நீங்கள் எழுதப் போகும் தேர்வின் பழைய வினாத்தாள்களிலிருந்துதான் அது நிரம்ப வேண்டும்.